டேக்-ஹோம் அசைன்மென்டைப் பேனல் முன் விளக்கும்போது "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்ற கேள்விக்கு எப்படித் தயாராவது?

மழைக்குருவி

பேக்எண்ட் வேலைக்கான டேக்-ஹோமை முடித்து அனுப்பிவிட்டேன். அடுத்தது ஒரு மணி நேரப் பேனல். முதல் 15 நிமிடம் நான் பேச வேண்டும், மீதி முழுக்கக் கேள்விகள். இரண்டு மூத்த இன்ஜினியர்களும் ஒரு புராடக்ட் மேனேஜரும் இருப்பார்கள் என்று சொன்னார்கள்.

கொடுத்த வேலை இது: அரங்க நிகழ்ச்சிகளுக்கு இருக்கை முன்பதிவு செய்யும் ஒரு ஏபிஐ. ஒருவர் இருக்கையைத் தேர்ந்தெடுத்ததும் 10 நிமிடம் அவருக்காக ஹோல்ட் செய்ய வேண்டும். அதற்குள் பணம் கட்டினால் உறுதி, இல்லையென்றால் இருக்கை அடுத்தவருக்குத் திறக்க வேண்டும். எந்த நிலையிலும் ஒரே இருக்கை இரண்டு பேருக்குப் போகக் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் செலவிட வேண்டாம், பேமென்ட் பகுதி போலியாக இருந்தால் போதும் என்றும் எழுதியிருந்தார்கள்.

போஸ்ட்கிரெஸில் `bookings` என்று ஒரே டேபிள் வைத்தேன். இருக்கை காலியா என்று முதலில் பார்த்துவிட்டு இன்செர்ட் செய்கிறேன். ஒரே நேரத்தில் வருபவர்களுக்கு இரட்டை விற்பனையைத் தடுப்பது இந்த இண்டெக்ஸ்:

```sql
CREATE UNIQUE INDEX one_live_booking
ON bookings (show_id, seat_no)
WHERE status <> 'cancelled';
```

நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஒரு ஜாப், நேரம் கடந்த ஹோல்ட்களை `cancelled` ஆக்குகிறது. ஒரே இருக்கைக்கு ஒரே நேரத்தில் 50 ரிக்வெஸ்ட் அனுப்பும் டெஸ்ட் ஒன்றும் எழுதியிருக்கிறேன்.

கோடு ஓடுகிறது. பேசுவதுதான் கஷ்டம். "ஏன் ரெடிஸ் வைக்கவில்லை?" என்று கேட்டால் "இது எளிமையாக இருந்தது" என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எத்தனை ஸ்லைடு போடலாம், எங்கிருந்து தொடங்கலாம்?

கடைசிவரிசை

முதல் விஷயம், யுனிக் இண்டெக்ஸை மட்டும் நம்பாதீர்கள். சரியான வழி `SELECT ... FOR UPDATE`. இருக்கையை லாக் செய்துவிட்டு, காலியா என்று பார்த்து, அப்புறம் புக் செய்ய வேண்டும். பேனலில் இதைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

இரண்டாவது, எடுத்த முடிவில் அசையாமல் நில்லுங்கள். கேட்பவர் அழுத்தினால் உடனே "ஆமாம், நீங்கள் சொல்வதும் சரி" என்று போனால் நம்பிக்கை போய்விடும்.

தேன்கூடு

நான்கு மணி நேரம் என்பார்கள், பத்து மணி நேரம் இழுக்கும். சம்பளம் இல்லாமல் இப்படி வேலை வாங்குவதை ஏன் ஒத்துக்கொள்கிறோம்? நேரடியாகப் பேசும் இன்டர்வியூ வைக்கச் சொல்லி நீங்கள் கேட்டிருக்கலாமே.

மழைக்குருவி

@தேன்கூடு நியாயமான பேச்சுதான், ஆனால் நான் அதைச் செய்து அனுப்பியாயிற்று. இப்போது என் கவலை பேனல் மட்டும்.

நெடுஞ்சாலை

இதுபோன்ற பேனல்களில் நான் கேள்வி கேட்கும் பக்கம் நிறைய உட்கார்ந்திருக்கிறேன், அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் `FOR UPDATE` பற்றி. கடைசிவரிசை சொல்வது ஒரு டிசைனுக்குச் சரி, உங்கள் டிசைனுக்குப் பொருந்தாது. அந்த லாக் ஏற்கெனவே இருக்கிற வரிசையைத்தான் பூட்டும். உங்கள் டேபிளில் யாரும் புக் செய்யாத இருக்கைக்கு வரிசையே கிடையாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் தேடினால் இருவருக்கும் பூஜ்யம் வரிசை கிடைக்கும், எதுவும் பூட்டப்படாது, இருவரும் உள்ளே நுழைவார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எல்லா இருக்கைகளையும் முன்கூட்டியே வரிசைகளாக நிரப்பி வைத்திருந்தால் அவர் சொல்வது நன்றாக வேலை செய்யும். உங்களிடம் இருப்பதில் யுனிக் இண்டெக்ஸ்தான் சரியான காவல். பேனலிலும் இந்தக் கேள்வி வரலாம், இதே வித்தியாசத்தைச் சொல்லுங்கள்.

இப்போது "இது எளிமையாக இருந்தது" என்ற பதில். அதைக் கேட்டு யாரும் மதிப்பெண் போட முடியாது, எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். நான் ஒரு முடிவைப் பற்றிக் கேட்கும்போது என் மனதில் உண்மையில் ஓடுவது, இது உடைந்தால் எந்தப் பக்கமாக உடையும் என்று இவருக்குத் தெரியுமா என்பதுதான். உங்கள் நிமிட ஜாபை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாப் தாமதமானால், அல்லது செத்தே போனால் என்ன ஆகும்? நேரம் முடிந்த ஹோல்ட் இருக்கையை அடைத்துக்கொண்டே இருக்கும், விற்பனை தள்ளிப்போகும். இருக்கை இரண்டு பேருக்குப் போகாது. அதாவது உடைந்தாலும் பாதுகாப்பான பக்கம் உடைகிறது. ஜாப் ஒழுங்காக ஓடும்போது இதன் விலை, ஒரு இருக்கை அதிகபட்சம் ஒரு நிமிடம் வீணாக அடைபட்டிருப்பது. இதை நீங்களே இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் அடுத்த பத்து நிமிடக் கேள்விகள் வேறு தரத்தில் இருக்கும்.

ரெடிஸுக்கும் அதே வழிதான். `SET key value NX PX 600000` என்று லாக் வைக்கலாம், நேரம் முடிந்ததும் தானாகத் திறந்துகொள்ளும், ஜாபே வேண்டாம். ஆனால் பணம் கட்டிய பதிவு கடைசியில் டேட்டாபேஸில்தான் விழப்போகிறது. லாக் வைத்த புராசஸ் எங்கோ சில நொடிகள் தொங்கி நின்று, அதற்குள் லாக் காலாவதியாகிவிட்டால் இருவரிடம் ஒரே இருக்கை இருக்கும். அதைத் தடுக்க யுனிக் இண்டெக்ஸ் எப்படியும் தேவைப்படும். அது இருக்கும்போது ரெடிஸ் பாதுகாப்புக்காக எதுவும் கூட்டவில்லை, வேகத்துக்காக வேண்டுமானால் கூட்டும். "இந்த இடத்தில் வேகம் தேவைப்படவில்லை, டிக்கெட் திறக்கும் நொடியில் பெரும் கூட்டம் ஒரே நிகழ்ச்சிக்கு வந்தால் என் முடிவை மாற்றுவேன்" என்று முடியுங்கள். எது நடந்தால் மாற்றுவேன் என்று சொல்வது பிடிவாதமாகவும் தெரியாது, வளைந்துகொடுப்பதாகவும் தெரியாது.

ஸ்லைடு மூன்று போதும். கேட்ட விதி என்ன, அதை எந்த இண்டெக்ஸ் காக்கிறது, எதை வேண்டுமென்றே விட்டேன். அப்புறம் டெமோ.

மழைக்குருவி

மிக்க நன்றி. ஒன்று கேட்கலாமா? ஜாபே இல்லாமல், இண்டெக்ஸின் `WHERE` பகுதியிலேயே `expires_at > now()` என்று வைக்கப் பார்த்தேன். `functions in index predicate must be marked IMMUTABLE` என்று போஸ்ட்கிரெஸ் மறுத்துவிட்டது. இதைப் பேனலில் சொல்லலாமா?

நெடுஞ்சாலை

கட்டாயம் சொல்லுங்கள். காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: வரிசை எழுதப்படும்போதுதான் அது இண்டெக்ஸில் சேருமா சேராதா என்று முடிவாகிறது. நேரம் ஓடுவதால் மட்டும் ஒரு வரிசை இண்டெக்ஸிலிருந்து தானாக விழுந்துவிடாது. அதனால்தான் யாராவது ஒருவர் `status`-ஐ மாற்றியே ஆக வேண்டும், அதுதான் உங்கள் ஜாப். முயன்று பார்த்து, பிழைச் செய்தியைப் படித்து, அதிலிருந்து முடிவுக்கு வந்தவர் என்று உடனே தெரிந்துவிடும்.

ஜாபைத் தவிர்க்க இன்னொரு வழி உண்டு. காலாவதியான ஹோல்டை அடுத்தவர் வந்து நேரடியாக எடுத்துக்கொள்ளலாம்:

```sql
INSERT INTO bookings (show_id, seat_no, user_id, status, expires_at)
VALUES ($1, $2, $3, 'held', now() + interval '10 minutes')
ON CONFLICT (show_id, seat_no) WHERE status <> 'cancelled'
DO UPDATE SET user_id = EXCLUDED.user_id,
              expires_at = EXCLUDED.expires_at
WHERE bookings.status = 'held' AND bookings.expires_at < now()
RETURNING id;
```

`id` திரும்பி வந்தால் இருக்கை உங்களுடையது. எதுவும் வராவிட்டால் வேறொருவரிடம் இருக்கிறது. ஒரு நிமிடத் தாமதமும் இல்லை. இதை மாற்று வழியாகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுப்பணி

@நெடுஞ்சாலை அந்த வழியில் ஒரு குழி இருக்கிறது. வரிசை புதிதாக உருவாகவில்லை, பழைய வரிசையின் `user_id` மட்டும் மாறுகிறது, `id` அதேதான். முதல் ஆள் பத்தாவது நிமிடத்தின் கடைசியில் பேமென்ட் பக்கத்தில் இருக்கிறார். அவருடைய பேமென்டில் எழுதியிருப்பது அந்த `id`. நேரம் முடிந்ததும் இரண்டாவது ஆள் இருக்கையை எடுக்கிறார். அரை நிமிடம் கழித்து முதல் ஆளின் பணம் வந்து சேர்ந்து, "இந்த `id`-க்குப் பணம் வந்தது, உறுதி செய்" என்கிறது. ஒருவர் கட்டிய பணத்தில் இன்னொருவருக்கு டிக்கெட் உறுதியாகிவிடும்.

மழைக்குருவியின் ஜாப் வழியில் பழைய வரிசை `cancelled` ஆகி அப்படியே இருக்கும், புதியவருக்குப் புது `id`. தாமதமாக வரும் பணம் ரத்தான வரிசையில்தான் போய் முட்டும், குறைந்தபட்சம் தப்பான ஆளுக்குப் போகாது.

நெடுஞ்சாலை

சரியான பிடி. ஒவ்வொரு ஹோல்டுக்கும் தனி டோக்கன் வைத்து, பணம் வரும்போது அதையும் ஒப்பிட்டால் தப்பிக்கலாம். ஆனால் அதுவும் ஒரு கூடுதல் வேலைதான். மழைக்குருவி, உங்கள் ஜாப் ஏன் என்பதற்கு என்னிடம் இருந்ததைவிட நல்ல காரணம் இது. ஒரு நிமிடத் தாமதத்தைக் கொடுத்து, ஒவ்வொரு ஹோல்டுக்கும் தன் சொந்த வரலாற்றை வாங்கியிருக்கிறீர்கள்.

மழைக்குருவி

இதை எழுதும்போது நான் இப்படியெல்லாம் யோசித்துச் செய்யவில்லை, ஜாப்தான் எனக்குப் பழக்கம். பின்னால் தெரிந்துகொண்ட காரணத்தைப் பேனலில் முதலிலேயே யோசித்ததுபோலச் சொல்வது சரியா?

கடைசிவரிசை

தாராளமாகச் சொல்லலாம். அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நெடுஞ்சாலை

தெரிந்துவிடும். "இதைத் தீர்மானித்தபோது வேறு என்ன பரிசீலித்தீர்கள்?" என்று கேட்டால் போதும், கதை அவிழ்ந்துவிடும். "பழக்கமான வழி என்பதால் ஜாப் வைத்தேன். அனுப்பிய பிறகு மாற்று வழியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், அதில் ஒரே `id` இரண்டு பேரிடம் போகிறது, அதனால் இப்போதும் ஜாபையே வைப்பேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். நான் கேட்பவராக இருந்தால் இந்தப் பதில்தான் எனக்குப் பிடிக்கும்.

எண்கணக்கு

நான் தரவுப் பகுப்பாய்வுக்காரி. எனக்குக் கொடுத்த டேக்-ஹோம், எந்த வாடிக்கையாளர்கள் விலகுவார்கள் என்று கணிக்கும் மாடல். பேனலில் 15 நிமிடமும் தரவைச் சுத்தம் செய்த கதையையே வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். முடிவுக்கு வரும் முன்பே மேனேஜர் குறுக்கிட்டு, "இந்தப் பட்டியலில் முதல் நூறு பேரை அழைத்தால் எத்தனை பேர் உண்மையில் விலக இருந்தவர்கள்?" என்று கேட்டார். அந்த எண் என் நோட்புக்கின் அடியில் எங்கோ இருந்தது, தேடி எடுக்க நேரமானது. அது முதல் ஸ்லைடில் இருந்திருக்க வேண்டிய எண்.

உங்களுக்கும் ஒரு புராடக்ட் மேனேஜர் வருகிறார். அவருக்கு இண்டெக்ஸ் முக்கியமில்லை. "பத்து நிமிடம் முடிந்து பணம் கட்டியவருக்குத் திரையில் என்ன தெரியும்?" என்றுதான் கேட்பார் என்று நினைக்கிறேன்.

இரவுப்பணி

அந்தக் கேள்வி நிச்சயம் வரும். மூன்று வழி தெரியும் எனக்கு. ஒன்று, பேமென்ட் பக்கம் திறந்ததும் ஹோல்டை நீட்டுவது. ஆனால் பக்கத்தைத் திறந்துவிட்டு எழுந்து போகிறவர் இருக்கையை அடைத்துக்கொள்வார். இரண்டு, பணம் தாமதமாக வந்தால் இருக்கையை மறுபடி எடுக்க முயன்று, போய்விட்டிருந்தால் பணத்தைத் திருப்புவது. மூன்று, முதலில் தொகையை அட்டையில் நிறுத்தி மட்டும் வைத்து, இருக்கை உறுதியான பிறகு எடுத்துக்கொள்வது. மூன்றாவதுதான் சுத்தம், ஆனால் எல்லாப் பேமென்ட் முறையிலும் அந்த வசதி கிடையாது.

தேன்கூடு

பேமென்ட் போலியாக இருந்தால் போதும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். "இது வரையறைக்கு வெளியே" என்று சொல்லி நகர்ந்துவிட்டால் என்ன தவறு? எழுதாத ஒன்றுக்கு ஏன் பதில் சொல்ல வேண்டும்?

நெடுஞ்சாலை

எழுதாததில் தவறே இல்லை. ஆனால் அந்தக் கேள்வி கோடைப் பற்றியது அல்ல, அடுத்து என்ன செய்வீர்கள் என்பதைப் பற்றியது. "வரையறைக்கு வெளியே" என்று மட்டும் சொன்னால் அங்கேயே உரையாடல் நின்றுவிடும்.

தேன்கூடு

நான் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லை போடத் தெரிவதும் ஒரு திறமைதான், அதை மதிக்கிற பேனலும் உண்டு.

நெடுஞ்சாலை

உண்டு. எல்லையைச் சொல்லிவிட்டு ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்வதில் நஷ்டமில்லை என்பதுதான் என் பக்கம்.

டெமோ பற்றி ஒன்று விட்டுப்போனது. அந்த 50 ரிக்வெஸ்ட் டெஸ்டை ஓட்டிக் காட்டுங்கள். ஒன்றுக்கு 201, மீதி 49-க்கு 409 வர வேண்டும். அதோடு நிறுத்தாமல், இண்டெக்ஸை `DROP INDEX` செய்துவிட்டு அதே டெஸ்டை மறுபடி ஓட்டுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட 201 வரும், டெஸ்ட் சிவப்பாகும். பச்சையாக ஓடும் டெஸ்டை எல்லோரும் காட்டுவார்கள். காவலை எடுத்தால் டெஸ்ட் அதைப் பிடிக்கிறது என்று காட்டுகிறவர் அரிது. முந்தின நாளே உங்கள் கணினியில் பலமுறை ஓட்டிப் பாருங்கள், கனெக்‌ஷன் பூலின் அளவு 1 என்றிருந்தால் ரிக்வெஸ்ட்கள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாகப் போகும், இண்டெக்ஸ் இல்லாமலும் பச்சையாகவே தெரியலாம்.

மழைக்குருவி

பேனல் முடிந்தது, இன்னும் முடிவு வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

மூன்று ஸ்லைடு, அப்புறம் டெமோ. இண்டெக்ஸை எடுத்துவிட்டு ஓட்டியபோது நான்கு 201 வந்தது. ஒரு இன்ஜினியர் முன்னால் சாய்ந்து, "மறுபடி ஓட்டுங்கள்" என்றார். அடுத்த முறை ஏழு. அவரே "ஒவ்வொரு முறையும் மாறுகிறது, பாருங்கள்" என்று பக்கத்தில் இருந்த மேனேஜருக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார்.

ரெடிஸ் கேள்வி வந்தது, சொன்னேன், நகர்ந்துவிட்டார்கள். எண்கணக்கு சொன்ன கேள்வியை மேனேஜர் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் கேட்டார். இரண்டாவது வழியைச் சொன்னேன்: இருக்கையை மறுபடி எடுக்க முயல்வேன், கிடைக்காவிட்டால் பணம் திரும்பும், திரையில் அதே நிகழ்ச்சியின் காலி இருக்கைகளைக் காட்டுவேன். "பணம் திரும்ப நாளாகுமே, அதுவரை அவர் எங்களைத் திட்டுவாரே" என்றார். ஆமாம், அதனால்தான் தொகையை நிறுத்தி வைக்கும் வழி இருக்கிற இடத்தில் அதையே எடுப்பேன் என்றேன். அவர் திருப்தியானாரா என்று தெரியவில்லை.

நான் தயாராகாத கேள்வி இதுதான்: "ஒருவர் ஒரே நேரத்தில் பல இருக்கை எடுத்தால்?" ஒரே டிரான்சாக்‌ஷனில் எல்லாவற்றையும் சேர்ப்பேன், ஒன்று தோற்றால் எல்லாம் திரும்பும் என்றேன். "சரி. ஒருவர் A1, A2 என்று கேட்கிறார். இன்னொருவர் அதே நொடியில் A2, A1 என்று கேட்கிறார்." பதில் உடனே வரவில்லை. "வரைந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போர்டில் இரண்டு கோடு போட்டேன். முதல் ஆள் A1 சேர்த்துவிட்டார், இரண்டாவது ஆள் A2 சேர்த்துவிட்டார். இப்போது முதல் ஆள் A2-க்குப் போகிறார், அங்கே இரண்டாவது ஆள் இன்னும் கமிட் செய்யவில்லை, காத்திருக்க வேண்டும். இரண்டாவது ஆள் A1-க்கு வருகிறார், அவரும் காத்திருக்க வேண்டும். அங்கே கை நின்றது. டெட்லாக். போஸ்ட்கிரெஸ் அதைக் கண்டுபிடித்து ஒருவரை வெளியே தள்ளும், ஆனால் என் கோடு அந்தப் பிழையைக் கையாளவில்லை, 500 தான் போகும் என்று சொன்னேன். "எப்படித் தவிர்ப்பீர்கள்?" சேர்க்கும் முன் இருக்கைகளை வரிசைப்படுத்துவேன், எல்லோரும் A1-இலிருந்தே தொடங்கினால் வட்டம் உருவாகாது என்றேன். தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

இரவுப்பணி

போர்டில் வரைந்தது நல்ல வேலை. போஸ்ட்கிரெஸ் சாதாரணமாக ஒரு நொடி காத்திருந்துவிட்டுத்தான் டெட்லாக்கைத் தேடத் தொடங்கும், `deadlock_timeout` என்ற அமைப்பு அது. வெளியே தள்ளப்பட்டவருக்கு `40P01` என்ற கோடு வரும், அதைப் பிடித்து மறுபடி முயலலாம். இருக்கை வேறொருவருக்குப் போனதால் வருவது `23505`, அதற்கு மறுமுயற்சி வேண்டாம், 409 போதும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லியிருந்தால் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கும்.

கடைசிவரிசை

வரிசைப்படுத்துவது என்றால் எழுத்தாகவா, எண்ணாகவா? எழுத்தாக வரிசைப்படுத்தினால் A10 வந்து A2-க்கு முன்னால் நின்றுவிடுமே. அது தப்பாகாதா?

இரவுப்பணி

ஆகாது. இங்கே எந்த வரிசை என்பது முக்கியமில்லை, எல்லா ரிக்வெஸ்டும் அதே வரிசையில் போகிறதா என்பது மட்டும்தான் முக்கியம். A10 எப்போதும் முன்னால் வந்தால் எல்லோருக்கும் முன்னால்தான் வரும். சிக்கல் வருவது, அதே டேபிளில் எழுதும் இன்னொரு சர்வீஸ் எண்ணாக வரிசைப்படுத்தும்போதுதான். பேனல் திரும்ப அழைத்தால் அந்த வரிசைப்படுத்தலை அப்ளிகேஷன் கோடில் வைக்காமல் இன்செர்ட் செய்யும் ஒரே டேட்டாபேஸ் ஃபங்ஷனுக்குள் வைப்பேன் என்று சொல்லுங்கள்.